ஸ்டீல் பில்லில் "ஹேண்ட்லிங் சார்ஜஸ் 4,450": சப்ளையரிடம் எப்படி எழுதிக் கேட்பது?

கணபதி ஃபேப்ரிகேஷன் · ஜூன் 5, 2025, காலை

கோவையில் சின்ன ஃபேப்ரிகேஷன் யூனிட். பர்ச்சேஸும் கணக்கும் நான்தான் பார்க்கிறேன். முந்தாநாள் 10 எம்எம் எம்எஸ் பிளேட் மூன்று வாங்கினோம். ஒவ்வொன்றும் 6300க்கு 1500. பில் இப்படி வந்திருக்கிறது:

வரிசை 1: எம்எஸ் பிளேட் 10 எம்எம், 2.225 டன், டன் 58,000 வீதம் 1,29,050
வரிசை 2: ஹேண்ட்லிங் சார்ஜஸ், 1 லாட், 4,450
கூட்டுத்தொகை 1,33,500. ஜிஎஸ்டி 18 சதவீதம் 24,030. மொத்தம் 1,57,530.

முதல் வரிசையில் எனக்குக் கேள்வியே இல்லை. இரண்டாவது என்னவென்றுதான் புரியவில்லை. எங்கள் பர்ச்சேஸ் ஆர்டரில் "டன் 58,000, குடோன் டெலிவரி, ஏற்றுக்கூலி உட்பட" என்று தெளிவாகப் போட்டிருக்கிறோம். சேல்ஸ்மேனுக்கு போன் செய்தால் "அது எப்பவும் வர்றதுதான் சார்" என்கிறார். எழுதிக் கேட்கப் போகிறேன். கடைக்காரரோடு பல வருஷப் பழக்கம், மனக்கசப்பு வேண்டாம். ஆனால் தொகையையும் விட முடியாது. எப்படி எழுதினால் வேலை நடக்கும்?

எடைமேடை · ஜூன் 5, பகல்

முதலில் பிளேட்டை வே பிரிட்ஜில் போட்டுப் பாருங்கள். போன வருஷம் எங்களுக்கு ஆங்கிளில் ஒரு லோடுக்கு 60 கிலோ குறைந்தது. பில் எடை ஒன்று, மேடை எடை ஒன்று. ஏமாற்று அங்கேதான் இருக்கும்.

கணபதி ஃபேப்ரிகேஷன் · ஜூன் 5, பகல்

அண்ணா, என் சந்தேகம் எடையில் இல்லை, இரண்டாவது வரிசையில்தான். எடைக்கு அப்புறம் வருகிறேன்.

ராம்நகர் டிரேடர் · ஜூன் 5, மாலை

இதற்குக் கடிதமெல்லாம் எதற்கு? டாலியில் 4,450க்கு ஒரு டெபிட் நோட் போட்டு, கழித்துக்கொண்டு பணம் அனுப்பிவிடுங்கள். வேண்டுமென்றால் அவர்களே கூப்பிடுவார்கள். இல்லையா, பில்லை கேன்சல் செய்து புதுசு போடச் சொல்லுங்கள்.

பழைய ஆடிட் ஆபீஸ் · ஜூன் 5, இரவு

ராம்நகர் தம்பி சொல்வதில் பாதி சரி. டெபிட் நோட் உங்கள் கணக்குப் புத்தகத்தில் ஒரு குறிப்பாக இருக்கலாம், "இவ்வளவு தகராறில் இருக்கிறது" என்று காட்டும். ஆனால் நீங்கள் போடும் டெபிட் நோட்டை வைத்து சப்ளையர் கட்ட வேண்டிய ஜிஎஸ்டி குறையாது. அது குறைய வேண்டுமென்றால் அவர் கிரெடிட் நோட் கொடுக்க வேண்டும். கொடுக்காதவரை அவர் 4,450க்கும் வரி கட்டியிருப்பார், நீங்கள் அதற்கான பணம் தந்திருக்க மாட்டீர்கள். வருஷ முடிவில் இரண்டு லெட்ஜரும் ஒத்துப்போகாது. அப்போது அந்த சேல்ஸ்மேன் வேலையில் இருப்பாரா என்பதுகூடத் தெரியாது.

பில் கேன்சலும் இப்போது நடக்காது. 5 கோடிக்கு மேல் விற்றுமுதல் உள்ள கடை என்றால் இ-இன்வாய்ஸ் போட்டிருப்பார்கள். அந்த பில்லின் பதிவு எண்ணான ஐஆர்என்னை 24 மணி நேரத்துக்குள்தான் போர்ட்டலில் கேன்சல் செய்யலாம். பில் மூன்றாம் தேதி, இன்று ஐந்து. சரக்கும் வந்து இறங்கிவிட்டது. ஆகவே நீங்கள் கேட்க வேண்டியது கிரெடிட் நோட். "பில்லை மாற்றிக் கொடுங்கள்" என்று எழுதினால், அவர்கள் செய்ய முடியாத ஒன்றைக் கேட்டதாக ஆகிவிடும். பதிலும் வராது.

கணபதி தம்பி, ஒரு விஷயம். 4,450 எங்கிருந்து வந்தது என்று கணக்குப் போட்டுப் பார்த்தீர்களா? உருண்டையாக 4,000 அல்லது 5,000 என்றால் யாரோ வாயில் வந்ததைப் போட்டது. 4,450 அப்படித் தெரியவில்லை.

கணபதி ஃபேப்ரிகேஷன் · ஜூன் 6, காலை

போட்டுப் பார்த்தேன். 4,450ஐ 2.225ஆல் வகுத்தால் சரியாக 2,000. அதாவது டன்னுக்கு 2,000, கிலோவுக்கு 2 ரூபாய். மூன்று பிளேட்டால் வகுத்தால் 1,483.33, எதற்கும் பொருந்தவில்லை. சரக்கு மதிப்பில் சதவீதமாகப் பார்த்தால் 3.45 வருகிறது, அப்படி யாரும் ரேட் வைக்க மாட்டார்கள். எனவே இது எடை மேல் போட்ட கட்டணம். "1 லாட்" என்று போட்டதால்தான் அது வெளியே தெரியவில்லை.

இது தெரிந்ததும் கேள்வியே மாறிவிட்டது. "ஹேண்ட்லிங் என்றால் என்ன?" என்று கேட்டால் "ஹேண்ட்லிங்தான்" என்று பதில் வரும். "டன்னுக்கு 2,000 எதற்கு?" என்று கேட்டால் அவர்கள் ஒரு வேலையைச் சொல்லியாக வேண்டும்.

ஸ்டாக்கிஸ்ட் பில்லிங் கவுண்டர் · ஜூன் 6, பகல்

வேறு ஊரில் ஒரு இரும்புக் கடையில் பில் போடுகிறவள். எங்கள் பக்கம் இருந்து சொல்கிறேன்.

இந்த வரி வர இரண்டு வழி உண்டு. ஒன்று, ஏற்கெனவே போட்ட பில்லை டூப்ளிகேட் செய்து பெயர், எடை மட்டும் மாற்றுவோம். பழைய பில்லில் இருந்த கூடுதல் லெட்ஜர் அப்படியே ஒட்டிக்கொண்டு வரும். இன்னொன்று, குடோனிலிருந்து வரும் சீட்டில் ஏதாவது வேலை எழுதியிருப்பார்கள்: கட்டிங், பெண்ட் எடுத்தது, கிரேன் இரண்டு முறை. அதற்குத் தனித்தனி லெட்ஜர் கிடையாது, எல்லாம் "ஹேண்ட்லிங்"கில் போய் விழும். ஆகவே உங்கள் ஆட்கள் குடோனில் ஏதாவது வேலை சொன்னார்களா என்று கேட்டுப் பாருங்கள்.

அப்புறம், எங்களுக்கு வருகிற கடிதங்களில் முக்கால்வாசி "உங்கள் பில்லில் தவறு உள்ளது, சரிபார்க்கவும்" என்று ஒரே வரியில் இருக்கும். அதை வைத்துக்கொண்டு நான் என்ன செய்ய? எந்த பில், எந்த வரி, என்ன வேண்டும் எதுவும் இருக்காது. முதலாளியிடம் கொண்டு போனால் "என்னன்னு கேளு" என்பார். கேட்டால் அவர்கள் அக்கவுண்டன்ட் லீவு. அது அப்படியே டிரேயில் அடியில் போய்விடும். பில் எண், வரிசை எண், தொகை, எவ்வளவுக்குக் கிரெடிட் நோட் என்று வரிசையாக இருந்தால் முதலாளி ஒரு கையெழுத்தில் முடித்துவிடுவார். சேல்ஸ்மேன் வாட்ஸ்அப்புக்கு மட்டும் அனுப்பாதீர்கள். அக்கவுண்ட்ஸ் மெயிலுக்கு அனுப்பி, சேல்ஸ்மேனுக்கு நகல் வையுங்கள்.

கணபதி ஃபேப்ரிகேஷன் · ஜூன் 6, மாலை

அக்கா சொன்னதைப் படித்துவிட்டு எங்கள் சூப்பர்வைசரிடம் கேட்டேன். வண்டி 14 அடி. பிளேட் 6.3 மீட்டர், அதாவது 20 அடிக்கு மேல். வெளியே நீட்டிக்கொண்டு வர முடியாது என்பதால், குடோனிலேயே ஒவ்வொரு பிளேட்டையும் நடுவில் வெட்டித் தரச் சொல்லியிருக்கிறார். போனில் சொன்னது, எழுத்தில் எதுவும் இல்லை. மூன்று வெட்டு, வெட்டுக்கு 1.5 மீட்டர்.

ஆக, கடைக்காரர் ஒரு வேலை செய்திருக்கிறார், அதற்குக் கூலி கேட்கலாம். ஆனால் வெட்டுக்கூலியை எடைக்குப் போட மாட்டார்கள். வெட்டின நீளத்துக்கோ, வெட்டு எண்ணிக்கைக்கோதான் போடுவார்கள். எனவே டன்னுக்கு 2,000 என்பது வெட்டுக்கூலியாக இருக்க வாய்ப்பில்லை என்று இப்போதும் நினைக்கிறேன். "நாங்கள் வெட்டச் சொன்னது உண்மை" என்று நாமே முதலில் சொல்லிவிடுவதா, அவர்கள் சொல்லட்டும் என்று விடுவதா?

பழைய ஆடிட் ஆபீஸ் · ஜூன் 6, இரவு

சொல்லிவிடுங்கள். அவர்கள் கையில் குடோன் சீட்டு இருக்கும். நீங்கள் மறைத்ததாகத் தெரிந்தால் மீதித் தொகையும் போய்விடும்.

கணபதி ஃபேப்ரிகேஷன் · ஜூன் 7, காலை

அனுப்பப்போகும் கடிதம். பெயர், எண்கள் மட்டும் எடுத்துவிட்டேன்.

பொருள்: பில் எண் ..., நாள் 03.06.2025, வரிசை 2, ரூ. 4,450 குறித்து விளக்கம் வேண்டி

ஐயா, மேற்படி பில்லில் வரிசை 2இல் "ஹேண்ட்லிங் சார்ஜஸ், 1 லாட், ரூ. 4,450" என்று உள்ளது. வரிசை 1இல் எடை, விலை இரண்டும் சரி.

எங்கள் பர்ச்சேஸ் ஆர்டரில் (நகல் இணைப்பு) விலை டன் ரூ. 58,000, ஏற்றுக்கூலி உட்பட என்று ஒப்புக்கொண்டது. ரூ. 4,450 என்பது 2.225 டன்னுக்கு டன் ரூ. 2,000 வீதம் வருகிறது. இது ஏற்றுக்கூலியா, வேறு வேலைக்கானதா என்று பில்லில் தெரியவில்லை. மூன்று பிளேட்டையும் குறுக்கே ஒரு வெட்டு வீதம் வெட்டித் தரும்படி எங்கள் சூப்பர்வைசர் போனில் கேட்டிருந்தார், அதற்கான கூலியை ஏற்கிறோம்.

ஏற்றுக்கூலி என்றால் ரூ. 4,450, அதற்கான ஜிஎஸ்டி ரூ. 801, ஆக ரூ. 5,251க்கு இந்த பில் எண்ணைக் குறிப்பிட்டு கிரெடிட் நோட் தர வேண்டுகிறோம். வெட்டுக்கூலியும் இதில் இருந்தால் வெட்டுக்கு என்ன விலை என்று எழுதி, மீதிக்குக் கிரெடிட் நோட் தரவும்.

இந்த ரூ. 5,251 நீங்கலாக ரூ. 1,52,279 வழக்கமான தவணையில் அனுப்பிவிடுகிறோம். 14ஆம் தேதிக்குள் பதில் கிடைத்தால் இந்த மாதக் கணக்கிலேயே முடித்துக்கொள்ளலாம்.

ஸ்டாக்கிஸ்ட் பில்லிங் கவுண்டர் · ஜூன் 7, காலை

"எடை, விலை இரண்டும் சரி" என்ற வரி எனக்குப் பிடித்தது. மொத்த பில்லும் தகராறு என்று முதலாளி பயப்பட மாட்டார். இன்று சனிக்கிழமை, மாலைக்குள் அனுப்பிவிடுங்கள். திங்கள் காலை முதலில் மெயில்தான் பார்ப்போம்.

எடைமேடை · ஜூன் 7, பகல்

எடை சரி என்று எழுதிக் கொடுத்துவிட்டீர்களே! மேடையில் போடாமலா?

கணபதி ஃபேப்ரிகேஷன் · ஜூன் 7, பகல்

அண்ணா, இது செக்ஷன் வெயிட். 6.3 × 1.5 × 0.010 × 7850 போட்டால் ஒரு பிளேட் 741.8 கிலோ, மூன்றுக்கு 2,225. பில்லில் உள்ளதும் அதுவே. அப்படித்தான் பேசியும் வாங்கினோம். மேடையில் போட்டால் பிளேட் தடிமன் கொஞ்சம் கூடக் குறைய இருப்பதைப் பொறுத்து எடை மாறும். மேடை எடைக்குப் பேசியிருந்தால்தான் அதைக் கேட்க முடியும்.

ஆனால் நீங்கள் கேட்டதும் யோசித்தேன். "எடை சரி" என்பதை "பில் எடை ஆர்டரில் பேசிய செக்ஷன் வெயிட் கணக்குப்படி உள்ளது" என்று மாற்றிவிட்டேன். சோதிக்காததைச் சோதித்த மாதிரி எழுத வேண்டாம். எடையில் சந்தேகம் வந்தால் அதற்கு வேறு கடிதம். ஒரே கடிதத்தில் இரண்டையும் வைத்தால், அவர்கள் சுலபமானதற்கு மட்டும் பதில் சொல்லி மற்றதை விட்டுவிடுவார்கள்.

அபார்ட்மென்ட் செயலாளர் · ஜூன் 8, காலை

எங்கள் லிஃப்ட் பராமரிப்பு பில்லில் "விசிட் சார்ஜ்" என்று 1,200 வருகிறது. வருஷ ஒப்பந்தத்தில் விசிட் இலவசம். இவ்வளவு நாள் செகரட்டரிகள் கேட்காமல் கட்டிவிட்டார்கள். இதே மாதிரி எழுதலாமா? நாங்கள் ஜிஎஸ்டி பதிவு இல்லாத சங்கம், கிரெடிட் நோட்டெல்லாம் எங்களுக்குத் தேவையா?

பழைய ஆடிட் ஆபீஸ் · ஜூன் 8, பகல்

எழுதலாம் அம்மா. நீங்கள் வரி திரும்ப எடுக்காதவர்கள் என்பதால் உங்களுக்கு அந்த 18 சதவீதமும் நேரடி நஷ்டம், அதனால் 1,416 என்றே கேளுங்கள். ஒப்பந்தத்தில் எந்தப் பத்தி என்று எண் போடுங்கள். ஒன்று கவனியுங்கள்: சில ஒப்பந்தங்களில் மாதாந்திர விசிட் இலவசம், கூப்பிட்டு வருகிற பிரேக்டவுன் விசிட்டுக்குக் காசு. சர்வீஸ் ரிப்போர்ட்டில் எதற்காக வந்தார் என்று எழுதியிருப்பார்கள், அதைப் பார்த்துவிட்டு எழுதுங்கள்.

ராம்நகர் டிரேடர் · ஜூன் 9, காலை

சரி, டெபிட் நோட் வேண்டாம், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் வந்த பில்லை ஏற்கவோ மறுக்கவோ ஜிஎஸ்டி போர்ட்டலில் ஐஎம்எஸ் இருக்கிறதே. அங்கே இந்த பில்லை ரிஜெக்ட் செய்தால் சப்ளையர் ஓடி வருவார்.

பழைய ஆடிட் ஆபீஸ் · ஜூன் 9, பகல்

ஓடி வருவார், கோபத்தோடு. அங்கே பில்லை முழுசாகத்தான் ஏற்கவோ மறுக்கவோ முடியும், வரிசை 2ஐ மட்டும் மறுக்க வழியில்லை. மறுத்தால் அந்த பில் உங்கள் வரி கிரெடிட் பட்டியலான 2பியில் வராது. 801 ரூபாய் வரிக்காக 24,030 ரூபாய் கிரெடிட்டை நிறுத்திக்கொள்வதா? சரக்கே வராத பில், வேறு யாருடைய பில்லோ உங்கள் எண்ணில் விழுந்தது, அதற்கு ரிஜெக்ட் சரி. இதற்கு இல்லை.

கணபதி ஃபேப்ரிகேஷன் · ஜூன் 9, மாலை

சார், அப்போது இந்த மாதம் முழு 24,030ஐயும் கிரெடிட் எடுக்கலாமா, 801ஐ விட்டுவிட்டு எடுப்பதா?

பழைய ஆடிட் ஆபீஸ் · ஜூன் 9, இரவு

நான் முழுதும் எடுத்து, கிரெடிட் நோட் வந்ததும் திருப்பிவிடச் சொல்வேன். பில் இன்றைக்குச் செல்லும் பில்தானே. எங்கள் ஆபீஸிலேயே இன்னொருவர், தகராறில் உள்ளதை முதலிலேயே விட்டுவிடுவார், பின்னால் நோட்டீஸ் வந்தால் விளக்கம் சொல்ல வேண்டாம் என்று. இரண்டு பேரும் இன்றுவரை ஒத்துப்போகவில்லை. ஆனால் ஒன்றில் ஒத்துப்போகிறோம்: இது இழுத்துக்கொண்டே போய் பில் தேதியிலிருந்து 180 நாள் தாண்டினால், பணம் தராத பகுதிக்கு எடுத்த கிரெடிட்டை வட்டியோடு திருப்ப வேண்டும். ஆகவே தேதி போட்டு வையுங்கள். சப்ளையர் பக்கம், இந்த நிதியாண்டு பில்லுக்கு வரி குறைக்கிற கிரெடிட் நோட்டைக் காட்ட 2026 நவம்பர் 30 கடைசி. அதற்கு முன்னால் வருடாந்திர ரிட்டர்ன் போட்டுவிட்டால் அன்றோடு சரி.

ராம்நகர் டிரேடர் · ஜூன் 9, இரவு

45 நாள் கணக்கும் இருக்கிறதே சார்? விற்றவர் சிறு தொழில் என்றால், தாமதமான பணத்தைத் தரும்வரை வருமான வரியில் அந்தச் செலவு கழியாதே.

பழைய ஆடிட் ஆபீஸ் · ஜூன் 10, காலை

உண்மை, ஆனால் இங்கே வராது. கணபதி தம்பி வாங்கியது மொத்த வியாபாரியிடம். வியாபாரிகளின் உத்யம் என்ற சிறு தொழில் பதிவு வங்கிக் கடன் முன்னுரிமைக்கு மட்டும்தான் என்று 2021இலேயே சொல்லிவிட்டார்கள். தயாரிப்பாளரிடம் நேரடியாக வாங்கியிருந்தால் கதை வேறு. அங்கே டெலிவரி ஆன 15 நாளுக்குள் எழுத்து மூலம் ஆட்சேபம் தெரிவித்தால், அது தீர்ந்த நாளிலிருந்துதான் நாள் எண்ண வேண்டும். ஆனால் சட்டம் சொல்வது சரக்கை ஏற்பது பற்றிய ஆட்சேபம். ஒரு கட்டண வரி பற்றிய கேள்வி அதில் அடங்குமா என்பதில் எனக்கே சந்தேகம். அதனால்தான் தகராறு இல்லாத தொகையை நேரத்தில் கொடுத்துவிடுங்கள் என்கிறேன்.

கணபதி ஃபேப்ரிகேஷன் · ஜூன் 12, மாலை

பதில் வந்துவிட்டது. ஏற்றுக்கூலி டன்னுக்கு 2,000 அவர்கள் வழக்கமான ரேட்டாம், எங்கள் ஆர்டரில் "உட்பட" என்று இருந்ததை பில்லிங்கில் கவனிக்கவில்லையாம். வெட்டுக்கூலியை பில்லில் போடவே மறந்துவிட்டார்கள்! வெட்டுக்கு 350, மூன்றுக்கு 1,050 தர வேண்டும் என்கிறார்கள். 4,450இல் 1,050 போக 3,400, ஜிஎஸ்டி 612, ஆக 4,012க்குக் கிரெடிட் நோட் தருகிறோம், சம்மதமா என்று கேட்டிருக்கிறார்கள்.

350 நியாயமா என்று வெளியே இரண்டு கேஸ் கட்டிங் கடையில் விசாரித்தேன். 10 எம்எம்முக்கு ஒன்றரை மீட்டர் வெட்ட ஒருவர் கொஞ்சம் குறைவாகவும் ஒருவர் கொஞ்சம் கூடவும் சொன்னார். சம்மதம் என்று எழுதிவிட்டேன்.

ஸ்டாக்கிஸ்ட் பில்லிங் கவுண்டர் · ஜூன் 12, இரவு

கணக்கு முடிவது சரி, ஆனால் பேப்பரில் ஒரு இடைஞ்சல். பில்லில் மீதி 1,050 இப்போதும் "ஹேண்ட்லிங்" என்ற பெயரில்தான் நிற்கும். கிரெடிட் நோட் காரணத்தில் "வரிசை 2 ஏற்றுக்கூலி நீக்கம், மீதி 1,050 பிளேட் வெட்டுக்கூலி, 3 வெட்டு" என்று எழுதச் சொல்லுங்கள். இல்லாவிட்டால் அடுத்த வருஷம் ஆடிட்டில் உங்களையே மறுபடி கேட்பார்கள்.

கணபதி ஃபேப்ரிகேஷன் · ஜூன் 13, காலை

நல்ல யோசனை அக்கா, அப்படியே கேட்டுவிட்டேன். இனிமேல் குடோனில் வேலை எது சொன்னாலும் அன்றைக்கே எனக்கும் கடைக்கும் ஒரு மெசேஜ் போட வேண்டும் என்று சூப்பர்வைசரிடம் பேசி வைத்திருக்கிறேன்: என்ன வேலை, எத்தனை, என்ன ரேட்.

அபார்ட்மென்ட் செயலாளர் · ஜூன் 21, காலை

சர்வீஸ் ரிப்போர்ட் தேடிப் பார்த்தேன். மூன்று விசிட்டில் இரண்டு மாதாந்திரம், ஒன்று கதவு சிக்கியதற்குக் கூப்பிட்டது. இரண்டுக்கு மட்டும் கேட்டு எழுதினேன். "அடுத்த பில்லில் பார்த்துக்கொள்கிறோம்" என்று ஒரு வரி வந்திருக்கிறது. இது சம்மதமா, தட்டிக்கழிப்பா?

கணபதி ஃபேப்ரிகேஷன் · ஜூன் 21, பகல்

தொகை சொல்லாத சம்மதத்தை நான் சம்மதமாக எடுக்க மாட்டேன் அம்மா. "அடுத்த பில்லில் 2,832 கழித்து வரும் என்று எடுத்துக்கொள்கிறோம், அந்த வரியில் இந்த பில் எண்களையும் குறிப்பிடவும்" என்று பதில் போட்டு வையுங்கள். மறுப்பு இருந்தால் இப்போதே சொல்வார்கள்.

கணபதி ஃபேப்ரிகேஷன் · ஜூலை 15, காலை

கிரெடிட் நோட் ஜூன் 18 தேதியிட்டு வந்திருந்தது, 3,400 + 612. நேற்று 2பியிலும் வந்துவிட்டது. 612 ரூபாய் கிரெடிட்டைத் திருப்பிவிட்டேன். நிறுத்தி வைத்த 5,251இல் 4,012 கழித்து மீதி 1,239 அன்றே அனுப்பினேன். அது 1,050க்கும் அதன் ஜிஎஸ்டி 189க்கும் சரியாக நிற்கிறது. காரணத்தில் "ரேட் டிஃபரன்ஸ்" என்று மட்டும்தான் போட்டிருக்கிறார்கள், வெட்டுக்கூலி பற்றி எழுதவில்லை. அவர்கள் மெயிலை பிரிண்ட் எடுத்து பில்லோடு பின் செய்து வைத்திருக்கிறேன். ஆடிட் சார், அது போதுமா?

பழைய ஆடிட் ஆபீஸ் · ஜூலை 15, இரவு

போதும். மெயிலில் அனுப்பியவர் பெயரும் தேதியும் தெரிகிற மாதிரி பிரிண்ட் எடுத்திருக்கிறீர்களா என்று மட்டும் பாருங்கள்.